உயிர் பிழைத்தவர் இருமுறை சொன்னது ஒத்துப்போகாதபோது நிருபர் எப்படிக் கேட்பது?

வைப்பாறு:
வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் செய்தியாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதியில் நடந்த ஒரு பட்டாசு ஆலை வெடிவிபத்தில் உயிர் பிழைத்த பெண் தொழிலாளி ஒருவரைப் பற்றி மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்க வந்திருக்கிறேன். அவர் யாரென்று தெரிந்துவிடாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் முதல்முறை பேசியபோது, மருந்து கலக்கும் அறை வெடித்த நேரத்தில் தாம் வெளியே களத்தில் வெடிகளைக் காயவைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். சில வாரங்கள் கழித்து வீட்டில் சந்தித்தபோது, வெடித்த சமயத்தில் தாம் அறை வாசலுக்குள் நின்றதாகச் சொன்னார். "அன்றைக்கு வெளியே இருந்ததாகத்தானே சொன்னீர்கள், ஏன் இப்போது மாற்றிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாரே தவிர, "எனக்கு எதுவும் ஞாபகமில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்த அறையில் அனுமதித்ததைவிட அதிகம் பேர் வேலை செய்தார்களா, உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேரில் கண்டு பதில் சொல்லக்கூடியவராக எனக்குத் தெரிந்தவர் இவர் ஒருவரே. பேச்சில் முரண் இருப்பதால் இவரை விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுபடியும் அவரிடம் போகலாமா, போனால் எப்படிக் கேட்பது?

நேர்கோடு:
நண்பரே, நான் காணொளிச் செய்தியாளர். பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களின் நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஆகவே முரண்பாடு என்பது அவர் உண்மையைச் சொல்கிறார் என்பதற்கே அடையாளம். அவர் கடைசியாகச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், குறுக்குக் கேள்வியே கேட்காதீர்கள். பிறகு எழுதியதை முழுவதுமாக அவரிடம் காட்டி, அவர் சம்மதித்தபின் வெளியிடுங்கள். பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பது என்றால் அதுதான்.

சட்டப்பக்கம்:
பெயரை வெளியிடுவது பற்றித்தான் கேள்வி என்று எண்ணுகிறேன். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படி குற்றமாக இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அதையே சொல்கிறது. நிபுண் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பெயரை மட்டுமல்லாமல் அடையாளம் காண உதவும் எந்தக் குறிப்பையும் வெளியிடக் கூடாது என்று கூறியது. பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் காவல்துறை வழியாகவே வெளியே வந்ததற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது. எச்சரிக்கையாக இருங்கள்.

கரிசல்வெளி:
சட்டப்பக்கம் ஐயா சொன்னவை சரியானவை. ஆனால் தம்பி கேட்டது வேறு. இது பாலியல் குற்றம் அல்ல, பெயர் பற்றிய கேள்வியும் அல்ல. இருந்தாலும் ஊரும் ஆலையும் தெரிந்துவிட்டால் "அன்று பிழைத்த பெண்" யாரென்று அந்த வட்டாரமே சொல்லிவிடும் என்பதால், அந்த எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

நேர்கோடு சொன்னதில் பாதியை ஏற்கிறேன். கடும் பயத்தில் மனிதரின் கவனம் மிகச் சிறிய இடத்துக்குள் சுருங்கிவிடுகிறது. கண்ணெதிரே நின்ற ஒரு பொருள், ஒரு நெடி, ஒரு குரல் ஆகியவை ஆழமாகப் பதிகின்றன. எது முன்னால், எது பின்னால், எவ்வளவு நேரம், எத்தனை பேர் என்பவை கலங்கிவிடுகின்றன. இந்த அளவுக்கு ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதிர்ச்சியின் நினைவு எல்லோருக்கும் துண்டுபட்டே இருக்கும் என்பது இன்றும் விவாதத்தில் உள்ள செய்தி. சிலருக்கு அது மிகக் கோவையாகவே நினைவிருக்கிறது. ஆகவே முரண் இருப்பதால் பொய் என்று முடிவு கட்டவும் முடியாது, மெய் என்று முடிவு கட்டவும் முடியாது. ஏதோ ஒன்று இன்னும் சொல்லப்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

முரணைப் பொய்யாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லின்வுட் என்ற ஊரில் 2008இல் நடந்ததைச் சொல்கிறேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருவர், முகம் தெரியாத ஒருவன் வீட்டுக்குள் புகுந்து தம்மைக் கட்டிப்போட்டு வன்புணர்ந்ததாகப் புகார் கொடுத்தார். ஒரே நிகழ்வைக் காவலர்கள் அவரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். கட்டை அறுத்துக்கொண்டது முதலிலா, தோழிக்குத் தொலைபேசியில் அழைத்தது முதலிலா என்பதில் அவர் சொன்னவை ஒத்துப்போகவில்லை. அவர் அழாமல் பேசியதும் அவரை அறிந்தவர்களுக்கே உறுத்தலாக இருந்தது. காவலர்கள் அந்த முரணைப் பிடித்துக்கொண்டு அழுத்தியபோது, எல்லாம் பொய் என்று அவர் சொல்லிவிட்டார். பொய்ப் புகார் கொடுத்ததாக அவர்மீதே வழக்குப் போட்டு, 500 டாலரும் கட்டவைத்தார்கள். 2011இல் கொலராடோவில் வேறு வன்புணர்வு வழக்குகளில் ஒருவன் பிடிபட்டபோது, அவனிடம் இந்தப் பெண்ணின் படம் இருந்தது.

அங்கே வரிசையில் இருந்த குழப்பம் உண்மையானது. ஆனால் அது நிகழ்வின் ஓரத்தில் இருந்தது. நடுவில் இருந்ததை யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. தம்பி, நீங்கள் "ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்" என்று கேட்டதும் அவர் வாய் மூடியதற்கு இதே காரணம் இருக்கலாம். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி, உயிர் பிழைத்தவர் காதில் குற்றச்சாட்டாகவே விழும். அவர் ஏற்கெனவே தம்மையே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முகிலினி:
எனக்கு நடந்ததைச் சொல்லலாமா? சமையல் எரிவாயு உருளை வெடித்ததில் எனக்குக் கையிலும் கழுத்திலும் தீக்காயம். வீட்டில் இன்னொருவர் இறந்துபோனார். ஒரு தொலைக்காட்சியிலிருந்து வந்தவர் முதல் கேள்வியாகவே, "வாசனை வந்தபோதே ஏன் அடைக்கவில்லை?" என்று கேட்டார். அதன்பிறகு காயத்தைக் காட்டச் சொன்னார். நான் அழவில்லை. குரலே வராமல், மிகச் சாதாரணமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். "அக்கா ரொம்பத் தைரியமாகப் பேசுகிறார்கள்" என்று அவர் படப்பிடிப்பாளரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான் தைரியமாக இல்லை. அந்த அறையிலேயே இல்லை. அன்று நான் சொன்ன பதில்களில் பாதி, அவர் கேள்விக்குள் வைத்துக் கொடுத்தவை. வாசனை வந்ததா என்பதே எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அவர் கேட்ட பிறகு, வந்தது போலவே இருக்கிறது.

கரிசல்வெளி:
முகிலினி அம்மா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. எல்லா நிருபர்களும் படிக்க வேண்டியது உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்கள். இதில் புண்படுத்தியதும் தகவலைக் கெடுத்ததும் ஒரே கேள்விதான். 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற இருவர் கார் மோதும் படத்துண்டு ஒன்றைக் காட்டி, வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிட "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் அதிக வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அவர்களில் கூடுதலானோர் சொன்னார்கள். படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே இப்படி என்றால், காயத்தோடு படுத்திருப்பவர் எம்மாத்திரம்?

வைப்பாறு:
கரிசல்வெளி அண்ணா, மறுபடி போவதென்றால் எப்படி ஆரம்பிப்பது? எனக்குத் தெரிந்த காவல்துறை அதிகாரி ஒருவர், கண்ணை மூடவைத்து, அந்த இடத்துக்கே மனத்தால் திரும்பிப் போகச் சொல்லி, அங்கே என்ன தெரிகிறது, என்ன மணக்கிறது என்று கேட்டால் எல்லாம் நினைவுக்கு வரும் என்கிறார். அதைச் செய்யலாமா?

கரிசல்வெளி:
செய்ய வேண்டாம். அவர் சொல்வது ஃபிஷர், கெய்சல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980களில் உருவாக்கிய விசாரணை முறையின் ஒரு பகுதி. சாட்சிகளிடம் அது நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் தீக்காயம் பட்டவரை நெருப்புக்குள் திரும்ப அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்தில் பேருந்து ஏறிப் போய்விடும் நிருபருக்கு உரிய கருவி அல்ல அது. அந்த முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: முதலில் அவரைத் தம் வழியில் முழுவதும் சொல்லவிடுவது, இடையில் புகாமலிருப்பது, பிறகு அவர் சொன்ன சொற்களையே பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது.

நான் செய்வதைச் சொல்கிறேன். போவதற்கு முன்பே, அவரிடம் கேட்டுத்தான் தீர வேண்டுமா என்று ஒவ்வொரு கேள்வியையும் பார்ப்பேன். வெடித்த நேரம் தீயணைப்பு நிலைய அழைப்புப் பதிவில் இருக்கும். காயத்தின் இடமும் அளவும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் இருக்கும். அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையை உரிமத்திலும், பெயர்ப்பட்டியலை முதல் தகவல் அறிக்கையிலும் தேடலாம். காகிதம் சொல்லக்கூடியதை மனிதரிடம் கேட்டு வருத்தக் கூடாது. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால், அவரிடம் கேட்க இரண்டோ மூன்றோ கேள்விகள்தான் மிஞ்சும்.

எங்கே உட்காருவது, யார் உடனிருப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கணவரோ மாமியாரோ எதிரே இருந்தால் சொல்ல முடியாத செய்திகள் இருக்கும். அவர்கள் இல்லாவிட்டால் பேசவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். என்ன எழுதப் போகிறீர்கள், ஒலிப்பதிவு எதற்கு, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதோடு ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: "நீங்கள் சொல்வதை மற்றவர்களிடமும் காகிதங்களிலும் சரிபார்ப்பேன். நாளைக்கு ஆலைக்காரர் தரப்பு உங்களைப் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாதபடி செய்வதற்காக." நான் பேசிய பலரும் இதைக் கேட்டு ஆறுதலே அடைந்தார்கள்.

முரணை அவர் முன் நீட்டாதீர்கள். "களத்தில் வெயிலில் இருந்ததைச் சொன்னீர்கள், அங்கிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் நிறுத்தும் இடம்வரை போகவிடுங்கள். பிறகு "வாசலில் நின்றதைச் சொன்னீர்கள், அதைப் பற்றிச் சொல்ல முடியுமா?" என்று தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை நீங்கள் நிரப்பாதீர்கள்.

தாங்க முடியாத இடத்துக்கு அவர் போய்விட்டாரா என்பதை அழுகையை வைத்து அளக்காதீர்கள். அழுதுகொண்டே நன்றாகப் பேசுகிறவர்கள் உண்டு. பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்பது, மூச்சு மேலெழுந்தவாரியாகப் போவது, குரல் ஒரே தட்டையாவது, "ஓடினேன்" என்றவர் "ஓடுறேன், புகை வருது" என்று நடப்பதைப் போலச் சொல்லத் தொடங்குவது, நீங்கள் கேட்டது காதில் விழாதது ஆகியவையே அறிகுறிகள். அப்போது கேள்வியை நிறுத்துங்கள். தொடாதீர்கள். பெயரைச் சொல்லி அழைத்து, நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, தெருவையோ வாசலையோ பார்க்கவைத்து, இன்றைய செய்தி எதையாவது பேசுங்கள். அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் சரி.

வன்னியாள்:
கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தக் கேள்வி இன்னொரு விதமாக வரும். காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் 2017 பெப்ரவரி முதல் தெருவோரத்தில் போராட்டம் நடத்துகிறார்கள். பிள்ளையைப் பற்றி அவர்கள் 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, பிறகு பரணகம ஆணைக்குழு, அதன்பின் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரருக்குச் சொன்னதற்குக் கணக்கே இல்லை.

இப்படித் திரும்பத் திரும்பச் சொன்ன கதை வழுவழுப்பாகிவிடும் என்பதுதான் என் அனுபவம். ஒரு அம்மா நிறுத்தாமல், ஒரே சொற்களில், ஒரே இடத்தில் அழுது சொல்லி முடிப்பார். அதில் புதிய தகவல் ஒன்றும் இராது. பேட்டி முடிந்தபின் அவர் படுத்த படுக்கையாகக் கிடப்பார் என்பது வீட்டாருக்கு மட்டும் தெரியும். அதனால் நான் "நடந்ததைச் சொல்லுங்கோ அம்மா" என்று தொடங்குவதில்லை. அநேகமாக எல்லோரிடமும் ஒரு கோப்பு இருக்கும்: முறைப்பாட்டுப் பிரதிகள், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், பிள்ளையின் படம். அதை இருவருமாகப் புரட்டுவோம். ஒவ்வொரு காகிதத்துக்கும் "இதைக் கொடுத்தபோது என்ன சொன்னார்கள்?" என்று கேட்பேன். 2009 மே மாதத்து நாளுக்குள் அவரை இழுக்காமலே, அதற்குப் பிறகு நடந்தவை முழுவதும் திகதியோடு கிடைத்துவிடும். அந்த நாளைப் பற்றிப் பேச விரும்பினால் அவரே பேசுவார்.

ஒரு காகிதத்தில் 17ஆம் திகதி என்றும் இன்னொன்றில் 18ஆம் திகதி என்றும் இருந்தால், எழுதியவர் யார், எந்த மொழியில் எழுதினார் என்று முதலில் பாருங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்படாமலே கையொப்பம் வாங்கப்பட்டவையும் உண்டு. பிழை அம்மாவுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேர்கோடு:
எல்லாம் சரி அண்ணா. ஆனால் நம்பிப் பேசியவரைப் பிறகு மற்றவர்களிடம் சரிபார்ப்பது நம்பிக்கைத் துரோகம் இல்லையா? வேண்டாம் என்று அவரே சொன்னால் என்ன செய்வது?

கரிசல்வெளி:
அவர் வேண்டாம் என்றால், சரிபார்க்க முடியாததை வெளியிடாமல் விடுவதுதான் மரியாதை. சரிபார்க்காமல் வெளியிடுவது மரியாதை அல்ல. 2014 நவம்பரில் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானதாக நீண்ட கட்டுரை வெளியிட்டது. அன்றிரவு அவரைச் சந்தித்ததாகக் கட்டுரையே குறிப்பிட்ட மூன்று நண்பர்களை எழுதியவர் தொடர்பு கொள்ளவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவன் யாரென்றும் உறுதி செய்யவில்லை. அந்த மாணவியை வருத்தக் கூடாது என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கட்டுரை நிற்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளியின் விசாரணை அறிக்கை வந்தபின் 2015 ஏப்ரலில் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அந்த மாணவியை உலகமே பொய்க்காரி என்றது. உண்மையான புகாரோடு வந்த பிற பெண்களுக்கும் அது சுமையானது. மூன்று தொலைபேசி அழைப்புகள் அவரை இவ்வளவு காயப்படுத்தியிருக்க மாட்டா.

முழுக் கட்டுரையையும் காட்டிச் சம்மதம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் சொன்னதாக வரும் பகுதிகளையும், அவரைப் பற்றிய விவரங்களையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவேன். தகவல் பிழை இருந்தால் திருத்துவேன். ஆலைக்காரரின் பதிலையும் அவர் திருத்தலாம் என்று விட முடியாது.

நேர்கோடு:
அவருடைய வாழ்க்கையை எழுதுகிறோம். முழுவதையும் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு என்றே இன்னமும் நினைக்கிறேன். சரிபார்ப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

வைப்பாறு:
அண்ணா, போய் வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் தீயணைப்பு நிலையத்தில் விசாரித்தேன். அவர்கள் பேச்சில்தான் வெடிப்பு இரண்டு என்பது தெரிந்தது. மருந்து கலக்கும் அறை முதலில் வெடித்திருக்கிறது. சில நிமிடங்கள் கழித்து, பக்கத்து அறையில் அடுக்கியிருந்த ஃபேன்சி ரகச் சரக்கு பற்றிக்கொண்டு வெடித்திருக்கிறது. பிழைத்த இன்னொரு தொழிலாளியும் அதையே சொன்னார். நானும் எங்கள் ஆசிரியரும் "வெடித்தபோது" என்று ஒரே வெடிப்பை மனத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் வேப்பமரத்தடியில் உட்காரலாம் என்றார். தங்கையைக் கூட வைத்துக்கொண்டார். களத்திலிருந்து சொல்லச் சொன்னேன். சத்தம் கேட்டதையும், மண் தலையில் கொட்டியதையும் சொல்லி நிறுத்தினார். நான் பேசாமல் இருந்தேன். வெகுநேரம் கழித்து, "அண்ணி உள்ளே இருந்தாள்" என்றார். அவரை இழுத்துவர வாசல்வரை போயிருக்கிறார். இரண்டாவது வெடிப்பு அப்போதுதான். அண்ணி பிழைக்கவில்லை. முகத்திலும் முன்கைகளிலும் மட்டும் காயம் இருப்பது இதோடு ஒத்துப்போகிறது. இரண்டு முறையும் அவர் சொன்னது உண்மை. நடுவில் இருந்ததைத்தான் அவரால் சொல்ல முடியாமல் இருந்தது.

உள்குத்தகை பற்றி அவரிடம் கேட்கவே இல்லை. சம்பளம் யார் கையால் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை தந்த உரிமத்தில் இருக்கும் பெயர் அல்ல, வேறொரு பெயரைச் சொன்னார். அறையில் எத்தனை பேர் என்பதில் மட்டும் தெளிவில்லை. ஒருமுறை ஆறு என்றார், பிறகு ஏழோ என்றார். உட்கார்ந்திருந்த இடங்களை வரைந்து காட்டச் சொன்னபோது ஐந்து பேரின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இப்போது எனக்கு இரண்டு கேள்விகள். அவர் அண்ணிக்காகத் திரும்பிப் போனதை எழுதலாமா? எண்ணிக்கையை எப்படி எழுதுவது?

கரிசல்வெளி:
எண்ணிக்கைக்கு அவரைச் சான்றாக வைக்காதீர்கள். "குறைந்தது ஐந்து பேர் இருந்ததாக அவர் நினைவுகூர்கிறார்" என்பதுவரை எழுதலாம். அதற்கு மேல் இறந்தோர், காயமுற்றோர் பட்டியலையும் பிழைத்த மற்றவரையும் வைத்து நிறுவுங்கள். நீங்கள் எழுதுவது பிற்பாடு வழக்கில் அவருடைய வாக்குமூலத்தோடு ஒப்பிடப்படும். அவருக்கு நிச்சயமில்லாத எண்ணை அவர் வாயில் வைத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதில்தான் தொடங்குவார்.

திரும்பிப் போனதை எழுதுவது குறித்து அவரிடமே கேளுங்கள், ஆனால் இன்றைக்கு அல்ல. சொன்ன சூட்டில் வாங்கும் சம்மதம் பல நேரங்களில் நிற்பதில்லை.

முகிலினி:
நான் சொல்லலாமா? அது அச்சில் வந்தால், ஊரார் அவரிடம் "போயும் காப்பாற்ற முடியவில்லையே" என்று சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள். அதே சமயம், அவர் போனார் என்பது எங்கேயும் எழுதப்படாமலே போனால் அதுவும் வலிக்கும். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. கேட்கும்போது, எழுதாமல் விட்டாலும் கட்டுரை நிற்கும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள் தம்பி. உங்களுக்கு அது தேவைப்படுகிறது என்று நினைத்தால், அவர் சரி என்றுதான் சொல்வார்.

வைப்பாறு:
அப்படியே சொல்கிறேன் அக்கா. அது இல்லாமலும் கட்டுரை நிற்கும். இரண்டு வெடிப்பு என்பதற்கு நிலையப் பதிவே போதும். நேற்றுச் சும்மா நலம் விசாரிக்க அழைத்தேன். தங்கைதான் எடுத்தார். வந்து போனபின் இரண்டு இரவு தூங்கவில்லை, இன்றைக்குச் சாப்பிட்டாள் என்றார். அடுத்த வாரம் கையில் கட்டு மாற்ற மதுரைக்குப் போகிறார்களாம், அது முடிந்தபின் அழைக்கச் சொல்லியிருக்கிறார்.